தமிழ்த் திரையில் முதுமை ஒப்பனை

முதுமை ஒப்பனை என்பது ஒரு நடிகரை அவருடைய உண்மை வயதைவிட மூத்தவராகக் காட்டும் கலை ஆகும். தலைமுடி, நரை, தோல் சுருக்கம், தசைத் தொய்வு ஆகியவற்றை மாற்றுவதன் மூலம் இது செய்யப்படுகிறது. ஒருவரை வேறோர் ஆளாக மாற்றும் மாறுவேட ஒப்பனையிலிருந்து இது வேறுபட்டது. மாறுவேடத்தில் நடிகரின் முகம் மறைய வேண்டும். முதுமை ஒப்பனையில் அதே முகம் தெரிய வேண்டும், ஆனால் அதன் மீது முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். வயது கூடவில்லை என்றால் காட்சி நம்பும்படி அமையாது. வயது கூடி முகம் காணாமல் போனாலோ, பார்வையாளர் அதுவரை பின்தொடர்ந்து வந்த ஆளையே இழந்துவிடுவார். இந்த இரண்டுக்கும் இடையே தமிழ் மேடையும் திரையும் வழி தேடிய வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

## முகத்தில் மாறுவதும் மாறாததும்

ஒரு மனிதரைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் நம்மால் அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது. முகத்தின் எலும்புச் சட்டகம் பெரும்பாலும் மாறாமல் இருப்பதே இதற்குக் காரணம். இரண்டு கண்களுக்கு இடையிலான தொலைவு, மூக்குத் தண்டின் வடிவம், கன்ன எலும்பின் உயரம், நெற்றியின் அகலம் ஆகியவை வளர்ந்த மனிதரிடம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பார்வையும் புன்னகையின் வடிவமும் எளிதில் மாறுவதில்லை.

மாறுபவை அந்தச் சட்டகத்தின் மேல் இருப்பவை. நெற்றியின் முடிக்கோடு பின்னோக்கி நகர்கிறது. ஆண்களுக்குப் பொதுவாகக் காதோரத்தில் நரை தொடங்கி மேலே பரவுகிறது. மூக்கின் இரு பக்கங்களிலிருந்து வாய் ஓரம் வரை இறங்கும் மடிப்பு ஆழமாகிறது. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. தாடைக்கோடு நேராக இல்லாமல் நெளிகிறது. காது மடலின் கீழ்ப்பகுதி நீள்கிறது. உதடு மெலிகிறது. கழுத்தில் தோல் தளர்கிறது.

ஆகவே முதுமை ஒப்பனையின் முதல் விதி, மாறாதவற்றைத் தொடாமல் மாறுபவற்றை மட்டும் மாற்றுவது ஆகும். கண்ணையும் மூக்குத் தண்டையும் விட்டுவிட்டுத் தாடை, கழுத்து, நெற்றி, முடி ஆகியவற்றில் வேலை செய்தால் ஆள் தப்பமாட்டார். மூக்கையும் கண்ணிமையையும் மாற்றத் தொடங்கினால் தாத்தா வருவார், ஆனால் அவர் வேறு யாரோ ஒருவரின் தாத்தாவாக இருப்பார்.

## மேடையில் முதுமை

தெருக்கூத்தில் முகச்சாயல் என்ற சிக்கலே எழுவதில்லை. கூத்தில் முகத்தில் பூசப்படும் நிறமே பாத்திரத்தின் இயல்பைச் சொல்லிவிடும். நடிகர் யார் என்பது அந்த நிறத்துக்குள் மறைந்துவிடுகிறது. கிருட்டிணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டி போன்ற ஊர்களின் திருவிழா மேடைகளில் நடக்கும் புராண நாடகங்களிலும் கிழவர் வேடத்துக்கு வெள்ளைத் தாடி, வெள்ளை டோப்பா, கையில் ஒரு கோல் போதுமானவை. பார்வையாளர் இருபது, முப்பது அடி தள்ளி அமர்ந்திருக்கிறார். அந்தத் தொலைவில் அவருக்குத் தோலின் சுருக்கம் தெரியாது. தாடியும் கூன் விழுந்த முதுகும்தான் தெரியும்.

கம்பெனி நாடகக் காலத்தில் அரிதாரமும் முத்துவெள்ளையும் ஒப்பனையின் அடிப்படைப் பொருள்களாக இருந்தன. முகத்துக்கு அடிநிறம் பூசிய பின் நெற்றியிலும் மூக்கோரத்திலும் பழுப்பு நிறக் கோடுகள் வரையப்படும். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய வெளிர்நிறக் கோடு ஒன்று இழுக்கப்படும். இருண்ட கோடு பள்ளமாகவும் வெளிர் கோடு மேடாகவும் தோன்றும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது மடிப்பாகவே தெரியும்.

டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகக் குழு 1942-இல் அரங்கேற்றிய 'ஔவையார்' நாடகம் இவ்வகையில் முக்கியமானது. இதில் ஔவையாக நடித்தவர் டி. கே. சண்முகம். அப்போது அவருக்கு முப்பது வயது. முப்பது வயது ஆண் ஒருவர் மூதாட்டியாக நெடுநேரம் மேடையில் நின்றார். அந்த வேடத்தின் புகழால் அவர் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். சென்னை கோபாலபுரம் பகுதியில் உள்ள ஔவை சண்முகம் சாலை அவர் பெயரைத் தாங்கியது. இங்கும் நடிகரின் சொந்த முகம் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. ஔவை தெரிந்தால் போதும் என்பதே மேடையின் எதிர்பார்ப்பு.

## அண்மைக் காட்சி கொண்டுவந்த சிக்கல்

திரைப்படம் இந்தத் தொலைவை அழித்துவிட்டது. அண்மைக் காட்சியில் ஒரு முகம் பல அடி உயரத்துக்குத் திரையை நிரப்புகிறது. மேடையில் மடிப்பாகத் தெரிந்த கோடு, திரையில் வரைந்த கோடாகவே தெரியத் தொடங்கியது. இதற்கு ஒரு காரணம் உண்டு. உண்மையான மடிப்பின் நிழல், விளக்கு இடம் மாறும்போது தானும் மாறும். நடிகர் தலையைத் திருப்பினால் ஒரு பக்க நிழல் மறைந்து மறுபக்கம் தோன்றும். வரைந்த நிழலோ எங்கே ஒளி விழுந்தாலும் அசையாமல் நிற்கும். பார்வையாளரால் காரணத்தைச் சொல்ல முடியாது, ஆனால் அந்த முகம் பொய் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் மிக எளிய வழி ஆளையே மாற்றுவது. ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' (1953) படம் இவ்வழியைப் பின்பற்றியது. இளம் ஔவை விநாயகரை வேண்டித் தன் இளமையை நீக்கி முதுமையைப் பெறுவதாகக் கதை. இளம் ஔவையாக குசலகுமாரியும் மூத்த ஔவையாக கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். முதுமை தெய்வத்தின் அருளால் ஒரு கணத்தில் வந்து சேர்வதால் இரு முகங்களுக்கும் இடையே ஒற்றுமை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதையே அந்த மாற்றத்துக்கு இடம் கொடுத்தது.

ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையைப் படிப்படியாகச் சொல்லும் கதைகளில் இவ்வழி உதவாது. அங்கே ஒரே நடிகர் இளைஞராகவும் முதியவராகவும் வர வேண்டும்.

## முடியே முதல் வழி

தமிழ்த் திரையில் நெடுங்காலம் வயதைக் காட்டும் பொறுப்பு முழுவதும் முடியின் மீதே இருந்தது. முகத் தோலைத் தொடாமல் முடியை மட்டும் மாற்றினால் சாயல் கெடாது என்பது இதன் பெரும் நன்மை.

காதோரத்தில் சிறிது வெண்மை தடவுவது மிக எளிய முறை. ஆனால் அதில் செய்யக்கூடிய தவறுகள் பல. முதலாவது, நிறம். கறுப்பு முடியின் மேல் தூய வெள்ளைச் சாயம் பூசினால் வண்ணப் படத்தில் அது நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும், சுண்ணாம்பு ஒட்டியது போலவும் இருக்கும். அதனால் வெள்ளையுடன் சிறிது மஞ்சள் அல்லது தந்தநிறம் கலப்பது வழக்கம். இரண்டாவது, பரவல். ஒரு தலை நரைக்கும்போது எல்லா முடியும் சேர்ந்து சாம்பல் நிறமாவதில்லை. சில முடிகள் முற்றிலும் வெளுத்தும் சில முடிகள் கறுத்தும் கலந்திருப்பதால்தான் தூரத்திலிருந்து சாம்பல் நிறம் தோன்றுகிறது. ஆகவே சாயத்தைப் பட்டையாகப் பூசாமல், பல் தேய்க்கும் தூரிகை போன்ற ஒன்றால் இழை இழையாகத் தடவ வேண்டும். மூன்றாவது, ஒத்திசைவு. தலை முழுவதும் வெளுத்திருக்க, புருவமும் மீசையும் கரிய நிறத்தில் இருந்தால் விக் வைத்திருப்பது உடனே தெரிந்துவிடும். புருவம் தலையைவிடத் தாமதமாகவே நரைக்கும் என்றாலும் அதிலும் சில வெள்ளை இழைகள் வேண்டும்.

முடிக்கோட்டை மாற்றுவதற்கு விக் தேவை. பழைய டோப்பாக்களில் முடி தடித்த துணியில் தைக்கப்பட்டிருக்கும். அதன் முன் விளிம்பு நெற்றியில் ஒரு வரப்பு போலத் தெரியும். பின்னர் வந்த நல்ல விக்குகளில் முன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைத்துணியால் ஆனது. கொக்கி ஊசி ஒன்றால் ஒவ்வொரு முடியாக அந்த வலையில் முடிச்சிடப்படும். வலை நெற்றித் தோலில் ஸ்பிரிட் கம் எனப்படும் பசையால் ஒட்டப்படும். முடிகள் தோலிலிருந்தே முளைத்தது போலத் தெரியும். முடிக்கோட்டை இரு ஓரங்களிலும் சற்றுப் பின்தள்ளினால் நடிகரின் முகத்தில் வேறு எதையும் தொடாமலே பத்து ஆண்டுகள் கூடிவிடும்.

நடிகரின் உடல்மொழியும் இதில் பாதிப் பங்கு வகித்தது. ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் சிவாஜி கணேசன் முதிய அப்பராக நடித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. காஞ்சிப் பெரியவரின் தோற்றத்தையும் அசைவையும் மனத்தில் கொண்டே அந்த வேடத்தை அவர் அமைத்துக்கொண்டார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. தளர்ந்த நடை, உள்வாங்கிய தோள், மெதுவாகத் திரும்பும் தலை ஆகியவை ஒப்பனை விட்ட இடைவெளியை நிரப்பின.

மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987) இந்த முறையின் உச்சம் எனலாம். கமல்ஹாசன் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். வேலு நாயக்கர் இளைஞனாகத் தொடங்கி முதியவராக இறக்கிறார். இப்படத்தில் முதுமை திடீரென்று வந்து விழுவதில்லை. தலைமுடி பின்னோக்கி வாரப்படுகிறது, நெற்றி அகலமாகிறது, நரை கூடுகிறது, கண்ணாடி வருகிறது, உடல் கனத்து நடை மெதுவாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றம் சிறியதாக இருப்பதால் பார்வையாளர் முந்தைய முகத்தை மறப்பதற்குள் அடுத்த முகம் வந்துவிடுகிறது. சாயலைக் காக்கும் வழிகளில் இந்தப் படிப்படியான நகர்வும் ஒன்று. இப்படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

## தோலில் சுருக்கம்

முடியால் ஐம்பது, அறுபது வயது வரை செல்லலாம். எழுபதைத் தாண்ட வேண்டுமானால் தோலே மாற வேண்டும். இதற்கு உலகத் திரைத்துறையில் இரண்டு முறைகள் வளர்ந்தன.

முதலாவது, தோலை இழுத்து லேட்டெக்ஸ் எனும் ரப்பர் பாலை ஒற்றும் முறை. நடிகரின் கன்னத் தோலையோ கண்ணோரத் தோலையோ உதவியாளர் ஒருவர் விரலால் இழுத்துப் பிடிப்பார். சுருக்கங்கள் எந்தத் திசையில் விழ வேண்டுமோ அதற்குக் குறுக்காக இழுக்க வேண்டும். ஒப்பனையாளர் நுண்துளைப் பஞ்சால் ரப்பர் பாலை மெல்லிய படலமாக ஒற்றுவார். இழுத்த நிலையிலேயே அதை உலர்த்தி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே பவுடர் தூவுவர். பிறகு கையை விட்டால் தோல் பழைய நிலைக்குச் சுருங்கும், அதன் மேலிருக்கும் ரப்பர் படலமும் அத்துடன் சுருங்கி நுண்ணிய மடிப்புகளாக விழும். இவை உண்மையான மடிப்புகள் என்பதால் ஒளிக்கேற்ப நிழல் மாறும், நடிகர் சிரித்தால் அவையும் சிரிக்கும். முகத்தின் வடிவம் மாறாததால் சாயலும் கெடாது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. இழுத்தால் நகரும் தளர்ந்த தோலில்தான் மடிப்பு நன்றாக விழும். இருபது வயதின் இறுக்கமான கன்னத்தில் பெரிய பலன் இருக்காது. தொங்கும் தாடையையும் கண்ணடிப் பையையும் இதனால் உருவாக்க முடியாது. புருவத்திலும் இமை மயிரிலும் ரப்பர் பால் பட்டால் கழற்றும்போது முடி பிய்ந்துவிடும். சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் முதலில் கையில் சிறிது தடவிப் பார்ப்பது கட்டாயம்.

இரண்டாவது, முன்பே செய்து வைத்த ரப்பர் துண்டுகளை ஒட்டும் முறை. முதலில் நடிகரின் முகத்தை அச்சு எடுத்து அதிலிருந்து மாவுக்கல் முகம் ஒன்றை வார்ப்பார்கள். அந்த முகத்தின் மேல் களிமண்ணால் முதுமையைச் செதுக்குவார்கள். செதுக்கியதன் மேல் மற்றோர் அச்சு எடுத்து, களிமண்ணை நீக்கிவிட்டால் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். நடிகரின் இளமுகத்துக்கும் அவருடைய முதுமுகத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த இடைவெளி. நுரையாக அடித்த ரப்பர் பாலை அதில் ஊற்றி அடுப்பில் வேகவைத்தால் மென்மையான துண்டு கிடைக்கும். அதன் ஓரம் தாளைவிட மெல்லியதாக இருந்தால்தான் தோலுடன் கலந்து மறையும்.

அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் சுமித் இந்த முறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்தில் முப்பதுகளில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை 121 வயது முதியவராக அவர் காட்டினார். ஒரே முகமூடியாகச் செய்யாமல், நெற்றி, கன்னம், கண்ணடி, உதடு, கழுத்து எனத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, ஒன்றன் ஓரம் மற்றதன் மேல் படியுமாறு ஒட்டினார். ஒரே முகமூடியில் வாய் அசைந்தால் நெற்றியும் இழுபடும். தனித் துண்டுகளில் ஒவ்வொரு தசையும் தன் போக்கில் அசையும். நடிகரின் முகபாவம் ரப்பரைக் கடந்து வெளியே வரும்.

## இந்தியன் (1996)

சங்கர் இயக்கிய 'இந்தியன்' இந்தத் துண்டு முறையைத் தமிழ்ப் பார்வையாளருக்குப் பரவலாக அறிமுகம் செய்த படம். ஊழல் அதிகாரிகளைக் கொல்லும் முன்னாள் விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதியாகவும், அவருடைய மகன் சந்துருவாகவும் கமல்ஹாசன் இரு வேடங்களில் நடித்தார். 1996 மே மாதம் படம் வெளியானபோது அவருக்கு வயது 41. சேனாபதியோ எழுபதைத் தாண்டியவர். முதுமை ஒப்பனையை அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வடிவமைத்தார். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற ஒப்பனைக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 'மாஸ்க்' (1985) படத்துக்காக ஆஸ்கார் விருது பெற்றவர். 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர்களில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

சாயல் என்ற கோணத்தில் பார்த்தால் 'இந்தியன்' மற்ற முதுமைப் படங்களைவிடக் கடினமான சோதனையை எதிர்கொண்டது. இப்படத்தில் ஒரே நடிகரின் மூன்று முகங்கள் வருகின்றன. ஒன்று, இக்காலத்து இளைஞன் சந்துரு. இரண்டு, விடுதலைப் போர்க் காலத்து இளம் சேனாபதி. மூன்று, முதிய சேனாபதி. மூன்றாவது முகம் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். இளம் சேனாபதியே இவர் என்று பார்வையாளர் நம்ப வேண்டும். சந்துருவின் தந்தை என்றும் நம்ப வேண்டும். அதே வேளையில் சந்துருவும் இவரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளில் இருவரும் வெவ்வேறு மனிதர்களாகவும் தெரிய வேண்டும்.

இதற்கான விடையைத் திரையிலேயே காணலாம். நெற்றி, கன்னம், தாடை, கழுத்து ஆகியவற்றில் முதுமை ஏறியிருக்கிறது. வெண்முடி நெற்றியிலிருந்து பின்னோக்கி வாரப்பட்டிருக்கிறது. மீசையும் புருவமும் வெளுத்திருக்கின்றன. ஆனால் கண்கள் கமல்ஹாசனின் கண்களாகவே விடப்பட்டிருக்கின்றன. வேடத்தின் சினமும் துயரமும் அந்தக் கண்களின் வழியாகத்தான் வெளிப்படுகின்றன. மகனை எதிர்க்கும் காட்சிகளில் கன்னத்து ரப்பர் அதிகம் அசையாவிட்டாலும் பார்வையாளர் கண்ணைப் பார்ப்பதால் குறை தெரிவதில்லை.

சேனாபதியின் உடல்மொழியும் இதற்கேற்ப அமைந்தது. முதியவர் என்றாலும் அவர் வர்மக்கலை அறிந்தவர். நிமிர்ந்த முதுகும் உறுதியான விரல்களும் கொண்டவர். முதுமைக்கு வழக்கமான கூனும் நடுக்கமும் இங்கே துணைக்கு வரவில்லை. எனவே வயதைக் காட்டும் சுமை முழுவதும் முகத்தின் மேல் விழுந்தது. சேனாபதியின் மனைவி அமிர்தவல்லியாக நடித்த சுகன்யாவும் இளமை, முதுமை என இரு தோற்றங்களில் வந்தார்.

இப்படிப்பட்ட ஒப்பனை வெயில் மிகுந்த தமிழ்நாட்டில் தனி இடர்ப்பாடு உடையது. ரப்பருக்கு அடியில் தோல் வியர்க்கும். வியர்வை பசையை இளக்கும். முதலில் விட்டுக்கொடுப்பது வாயின் ஓரம், ஏனெனில் பேசும்போதும் உண்ணும்போதும் அங்கேதான் அசைவு அதிகம். அங்கே ஓரம் சற்று எழும்பினாலும் அண்மைக் காட்சியில் நிழல்கோடு ஒன்று தெரிந்துவிடும். துண்டுகளின் ஓரத்தைக் கரைத்துத் தோலுடன் கலப்பதால், ஒருமுறை கழற்றிய துண்டை மறுநாள் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் புதிய துண்டுகள் வேண்டும். இரண்டு நாள்களின் துண்டுகள் சற்று மாறி ஒட்டப்பட்டாலும் ஒரே காட்சியில் இரண்டு முதியவர்கள் தோன்றிவிடுவார்கள்.

இப்படத்துக்காகக் கமல்ஹாசன் மீண்டும் தேசிய விருது பெற்றார். அதே ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'அவ்வை சண்முகி' படத்தில் அவர் நடுவயதுப் பெண்ணாக வேடமிட்டார். அதற்கும் வெஸ்ட்மோரே ஒப்பனை வடிவமைத்தார். படத்தின் தலைப்பு, மேடையில் மூதாட்டியாக நின்ற டி. கே. சண்முகத்தை நினைவூட்டியது.

## ரப்பரின் எல்லை

கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தசாவதாரம்' (2008) இதே நடிகரும் இதே ஒப்பனைக் கலைஞரும் மீண்டும் சேர்ந்த படம். கமல்ஹாசன் பத்து வேடங்களில் தோன்றினார். அவற்றுள் கிருஷ்ணவேணி என்ற தொண்டு கிழவியும் அடக்கம். சில வேடங்களில் முகம் முகமூடி போல இறுகித் தெரிந்தது என்ற விமரிசனம் அப்போது எழுந்தது.

'இந்தியன்' படத்துடன் ஒப்பிட்டால் காரணம் புரியும். பத்து வேடங்களும் பத்து வேறு மனிதர்கள் என்பதால் இங்கே நடிகரின் முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றையும் மாற்ற ரப்பரின் கனம் கூடியது. கனம் கூடக் கூட அடியில் உள்ள தசையின் அசைவு மேலே வருவது குறையும். மற்றொரு காரணம் ஒளி. மனிதத் தோல் ஒளியைச் சிறிது உள்ளே வாங்கித் திருப்பி அனுப்புகிறது. விரலை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரம் சிவந்து தெரிவது இதனால்தான். நுரை ரப்பர் ஒளியை உள்ளே விடாது. அதனால் அதன் மேல் சிவப்பு, பழுப்பு, பச்சை நிறங்களைப் புள்ளி புள்ளியாகப் பல அடுக்குகளில் தெளித்துத் தோலின் ஆழத்தைப் போலியாக உருவாக்க வேண்டும். ஒரே நிறத்தைத் தட்டையாகப் பூசினால் பொம்மை முகம் கிடைக்கும். பிற்காலத்தில் ஒளியைச் சிறிது உள்ளே விடும் சிலிக்கோன் துண்டுகள் பரவலானதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஒரு முதுமை ஒப்பனை எங்கே தவறியது என்பதைக் கண்டறிய முகத்தைவிடக் கழுத்தையும் கையையும் பார்ப்பது நல்லது. முகத்துக்கு எழுபது வயதும் புறங்கைக்கு முப்பது வயதும் இருப்பது இத்துறையின் மிகப் பொதுவான பிழை.

## இளமையாக்கல்

ஒப்பனையால் ஒரு முகத்தின் மேல் எதையும் கூட்டலாம், ஆனால் அங்கே இருப்பதைக் கழிக்க முடியாது. மூத்தவராக்குவதைவிட இளமையாக்குவது கடினமாக இருப்பதன் காரணம் இதுவே. கண்ணடிப் பையின் மேல் ரப்பர் ஒட்டினால் பை பெரிதாகுமே தவிர மறையாது. ஆகவே நடிகரை இளமையாகக் காட்டக் காது முன்புறத் தோலைப் பசைநாடாவால் பின்னோக்கி இழுத்து விக்கின் அடியில் மறைப்பது, முடிக்கோட்டைக் கீழிறக்குவது, நேர் எதிரிலிருந்து மென்மையான விளக்கு வைப்பது போன்ற சிறு வழிகளே இருந்தன. இவற்றால் பத்து ஆண்டுகளைக் குறைப்பதே பெரிது.

கௌதம் மேனன் இயக்கிய 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தில் சூர்யா தந்தையாகவும் மகனாகவும் நடித்தார். அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் ஒரு திசையில் நரைத்த தந்தையாகவும், மறுதிசையில் பள்ளி மாணவனாகவும் வந்தார். தந்தைக்கு நரையும் மீசையும் கண்ணாடியும் கூட்டப்பட்டன. மாணவனுக்கு மீசை மழிக்கப்பட்டது, உடல் எடை குறைக்கப்பட்டது. எடையைக் குறைப்பது ஒப்பனைப் பெட்டியில் இல்லாத கழித்தல். அதை நடிகரின் உடல்தான் செய்ய முடியும்.

முகத்திலிருந்து கழிப்பதைக் கணினி சாத்தியமாக்கியது. அமெரிக்காவின் லோலா நிறுவனம் 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்' (2006) படத்தில் இரு மூத்த நடிகர்களின் முகங்களை எடுத்த காட்சியின் மேலேயே திருத்தி இளமையாக்கியது. வெங்கட் பிரபு இயக்கிய 'கோட்' (2024) படத்தில் தந்தை, மகன் என இரு வேடமேற்ற விஜய்யின் இளமைத் தோற்றத்துக்கும் இந்நிறுவனமே பணியாற்றியது. அப்போது விஜய்க்கு வயது 50. படம் வெளியாகும் முன் 'ஸ்பார்க்' பாடல் காட்சியில் வந்த இளமுகம் அவரைப் போல இல்லை என்று இணையத்தில் பலர் குறை கூறினர். பின்னர்ப் படக்குழு அத்தோற்றத்தைத் திருத்தியது.

இந்தக் குறை கவனிக்கத்தக்கது. விஜய்யின் இருபது வயது முகம் பார்வையாளருக்குப் புதியதன்று. தொண்ணூறுகளில் வந்த அவருடைய படங்களிலேயே அது பதிவாகி இருக்கிறது. முதிய சேனாபதியின் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க எவரிடமும் மூலம் இருக்கவில்லை. 41 வயதில் இருந்தவர் எழுபதில் எப்படி இருப்பார் என்பது அன்று கற்பனைதான். இளமையாக்கலில் மூலம் ஒவ்வொருவர் நினைவிலும் இருக்கிறது. தாடையைச் சற்று ஒடுக்கினாலும், கன்னத்தின் மடிப்பை அளவுக்கு மீறி வழித்தாலும், அது அவர் இல்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது. சுருக்கத்துடன் சேர்ந்து புன்னகைக் கோடும் அழிந்துவிட்டால் இளமை வரும், ஆனால் அந்த ஆள் போய்விடுவார்.

'இந்தியன்' படத்தின் தொடர்ச்சி 2024-இல் வெளியானபோது கமல்ஹாசன் 69 வயதில் மீண்டும் சேனாபதியாகத் தோன்றினார். முதற்படத்தில் கற்பனையாகச் செதுக்கப்பட்ட வயதை நடிகர் இப்போது ஏறக்குறைய எட்டியிருந்தார். ஆயினும் அவர் ஒப்பனைத் துண்டுகள் இல்லாமல் நடிக்கவில்லை. பார்வையாளர் நினைவில் நின்றிருந்த சேனாபதியின் முகம் 1996-இல் ரப்பரில் வார்க்கப்பட்ட முகம் என்பதால், வயது நெருங்கிய பிறகும் அந்தச் சாயலுக்கு ஒப்பனை தேவைப்பட்டது.